நூற்றில் விட்டுப்போன ஒருவர்

கிளினிக்கில் அவளுக்குப் பெயரே டோக்கன் அக்கா. டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார், மருந்துக்கடைப் பெண்ணும் அப்படித்தான் கூப்பிடுவாள், அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும் கூசாமல் அக்கா என்பார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டும், ஃபைல் தேட வேண்டும், போனுக்குப் பதில் சொல்ல வேண்டும், தரையில் போட்ட கோட்டுக்குப் பின்னால் வரிசையை நிறுத்த வேண்டும். "எனக்கு அப்புறம் வந்தவன் எப்படிம்மா எனக்கு முன்னாடி உள்ள போனான்?" என்பவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். மனிதனுக்கு இரண்டு காது போதாத வேலை அது. அவள் ஒரு காதில் போனைத் தோளோடு இடுக்கிக்கொண்டு இன்னொரு காதில் வரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது.

இந்தக் கழுத்தோடுதான் அவள் பட்டப்படிப்பும் படித்தாள். மாலை நேரக் கல்லூரி, சமூகவியல். மூன்று வருடப் படிப்பை அவள் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் மாமியார் படுத்த படுக்கையானார், ஒரு வருடம் போயிற்று. அப்புறம் இரண்டு பாடங்கள் தகராறு செய்தன. கூடப் படித்தவர்கள் எல்லாம் பாஸாகி, கல்யாணமாகி, குழந்தைக்குத் தடுப்பூசி போட அவளிடமே டோக்கன் வாங்க வந்தார்கள். கல்லூரி விதிப்படி ஆறு வருடம்தான் கெடு. இந்தப் பருவத்தோடு பதிவு காலாவதி. பாடங்களை எல்லாம் ஒரு வழியாகத் தாண்டிவிட்டாள். பாக்கி இருந்தது புராஜெக்ட் மட்டும். அதன் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தோற்றால் ஆறு வருடமும் போனது போனதுதான், திரும்ப முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆபீஸில் இருந்தவர் அன்பாகவே சொன்னார்.

தலைப்பு மட்டும் அவள் சொந்தமாக யோசித்தது. டாக்டர் "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் வருவதில்லை. ஏன் வருவதில்லை? இதுதான் கேள்வி. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் வராதவர்களின் ஃபைலைத் தினமும் எடுத்து வைத்துவிட்டு மாலையில் திரும்ப அடுக்குவது அவள்தான்.

கடந்த ஆறு மாதத்தில் மறுபடி வரவேண்டியவர்களில் வராமல் போனவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். எல்லோருக்கும் எண் போட்டாள். எண்களைச் சீட்டில் எழுதி மடித்து, மருந்துக்கடைப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நூறு சீட்டு எடுக்கச் சொன்னாள். ஏன் நூறு? அந்தத் துறையில் நூறுதான். எந்த சீனியரின் புராஜெக்டைப் புரட்டினாலும் நூறு பேர், "எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்ற அதே வரி, அதே பக்கத்தில். தெருமுனையில் அகப்பட்டவர்களைப் பிடித்துக் கேட்டிருந்தாலும் சமவாய்ப்பு முறை என்றுதான் எழுதுவார்கள். அந்த விஷயத்தில் இவள் தேவலை, உண்மையாகவே குலுக்கினாள்.

குலுக்கியது வரை சரி, போன் போட்டதில்தான் சிக்கல். பாதி எண்கள் அணைந்து கிடந்தன. சிலது வேறு யாருக்கோ போயிற்று. ஒருவர் "அவர் ஊர்ல இல்ல" என்று அவரே சொன்னார். வாரக்கணக்கில் முயன்றும் பேசியது முப்பத்தேழு பேர். புராஜெக்டுக்கு வழிகாட்டும் கைடிடம் போய் நின்றாள்.

கைடு சின்னப் பெண், ஒப்பந்த வேலை, பதினெட்டு மாணவர்கள் தலையில். "நூறு வேணும்மா. முப்பத்தேழுன்னு எழுதினா எக்ஸ்டர்னல் நம்மளக் கிழிச்சிடுவாரு. உங்க கிளினிக்லதான் தினமும் கூட்டம் உட்கார்ந்திருக்கே, அவங்ககிட்ட கொடுத்து நிரப்புங்க" என்றாள்.

இவளும் நிரப்பினாள். காத்திருந்தவர்களில் முன்னால் ஒருமுறையாவது வராமல் விட்டவர்களாகப் பார்த்து அறுபத்து மூன்று பேரிடம் படிவத்தை நீட்டினாள். இவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே, சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்கள். ஆக நூறு. அச்சடித்து, அட்டை போட்டு, ஒப்படைத்தாயிற்று.

வைவா அன்று காலை கல்லூரி வராந்தாவில் அவள் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கே யாரோ டோக்கன் கொடுத்து உட்காரவைத்தது போல இருந்தது. சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள், கழுத்தை இறுக்கும் டையோடு, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பயந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் அவளைப் பார்த்ததும் எழுந்து, "மேடம், எக்ஸ்டர்னல் நீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா, உன்னோட பேட்ச்தான்" என்றதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அந்தக் காலையில் முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் கிளினிக்கில் நல்ல கூட்டம். கண் எரிந்தது. பயப்படக்கூடத் தெம்பில்லை.

உள்ளே மூன்று மேசையை ஒட்டிப்போட்டு எக்ஸ்டர்னல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேறு கல்லூரிக்காரர், இரண்டு நாள் வைவாவுக்காக வந்தவர். அவருக்கும் தூக்கம் போதவில்லை போல, டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டிருந்தார். பக்கத்தில் கைடு. கைடு கண்ணாலேயே "சுருக்கமா முடிச்சிடுங்க" என்றாள்.

ஆய்வை எப்படிச் செய்தாள் என்று சொல்லும் முறைமைப் பக்கத்தை அவர் திருப்பினார். நேராக அங்கேதான் போனார், கவிதை படிக்க வந்தவர் இல்லை.

"நூறு பேரைக் குலுக்கி எடுத்தீங்க. சரி. நூறு பேருக்கும் போன் பண்ணீங்க. நூறு பேரும் எடுத்துப் பதில் சொன்னாங்களா?"

அவள் கைடைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கறேன்னா, நான் போன் பண்ணா எங்கம்மாவே நாலு தடவைக்கு ஒரு தடவைதான் எடுக்கறாங்க."

கைடு முந்திக்கொண்டு, "சார், அவங்க ரொம்ப முயற்சி எடுத்து..." என்றாள். அவர் கையை லேசாக உயர்த்தினார். கைடு அடங்கிவிட்டாள். கண்ணால் மட்டும் "ஆமான்னு சொல்லுங்க" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அதைத் தாங்கிப்பிடிக்க இன்னும் நாலு பொய் வேண்டும். அதை எல்லாம் கோர்வையாக நினைவு வைத்துக்கொள்ள அவளுக்கு அன்றைக்குச் சக்தி இல்லை. நேர்மை என்று பெரிய பெயரெல்லாம் வேண்டாம், களைப்புதான்.

"இல்ல சார். முப்பத்தேழு பேர்தான் பேசினாங்க. மிச்சம் அறுபத்து மூணு, கிளினிக்ல உட்கார்ந்திருந்தவங்க."

கைடு ஜன்னலைப் பார்த்தாள்.

"வராதவங்க ஏன் வரலைன்னு வந்தவங்ககிட்ட கேட்டிருக்கீங்க" என்றார் அவர். குரலில் கேலி இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சும்மா எல்லார்கிட்டயும் கேக்கல சார். ஒரு தடவையாவது வராம விட்டவங்களான்னு முதல்ல கேட்டுட்டுத்தான் கொடுத்தேன்."

"அது நல்லது. ஆனா விட்டுட்டுத் திரும்பி வந்தவரும், விட்டுட்டு வராமலே போனவரும் ஒண்ணா?"

"இல்ல சார். ரெண்டு கூட்டத்தையும் தனித்தனியா வச்சிருக்கேன்." படிவக் கட்டுகளை மேசையில் வைத்தாள். நேற்று இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்திருந்தாள். "உட்கார்ந்திருந்தவங்கள்ல அறுபத்து மூணுக்கு நாப்பத்தோரு பேர் மறந்துட்டேன்னு சொன்னாங்க. போன்ல பேசினவங்கள்ல முப்பத்தேழுக்கு ஒன்பது பேர்தான் மறந்துட்டேன்னாங்க. வேலை விட முடியலன்னு பதிமூணு. உடம்பு தேறிடுச்சுன்னு பதினஞ்சு."

"ரெண்டையும் சேர்த்தா மறந்தவங்க ஐம்பது. அதனால 'பாதிப் பேர் மறதியால் வருவதில்லை, குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்'னு முடிவுரை எழுதிட்டீங்க."

"ஆமா சார். அது தப்பு. மறந்தவங்கதான் ஞாபகம் வந்ததும் திரும்பி வந்துட்டாங்க. வராமலே போனவங்களுக்குக் காரணம் வேற."

அவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ ஆறிவிட்டது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"முப்பத்தேழை மட்டும் வச்சே எழுதியிருக்கலாமே. நூறுக்கு முப்பத்தேழு கிடைச்சது, மிச்சம் கிடைக்கலன்னு சொன்னா யாரும் தூக்குல போடப் போறதில்ல. கிடைக்காதவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரியாது, அதையும் சொல்லிட்டாப் போச்சு." கைடை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் இவள் பக்கம் திரும்பினார். "கிடைக்காதவங்க எத்தனை?"

"போன் எடுக்காதவங்க, நம்பர் மாறினவங்க எல்லாம் சேர்த்து அறுபத்தி ரெண்டு சார்."

"முப்பத்தேழும் அறுபத்தி ரெண்டும் தொண்ணூத்தொம்பது."

இந்த இடத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கணக்கில் இது ஒரு நாள் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"இன்னொருத்தர் யாரு?"

"என் வீட்டுக்காரர் சார்."

கைடு சிரித்துவிட்டாள். எக்ஸ்டர்னலும் சிரித்தார், ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அவரு சீட்டும் வந்துச்சு. பிரஷருக்கு ஒரு தடவை காட்டினாரு, மறுபடி வரவே இல்ல. சொந்தக்காரங்ககிட்ட கேட்டா பதில் ஒரு பக்கமா சாயும்னு எடுத்துட்டேன்."

"சொந்தக்காரங்க வேண்டாம்ங்கறது சரியான விதிதான். எப்ப போட்டீங்க? குலுக்கறதுக்கு முன்னாடியா, சீட்டு வந்ததுக்கு அப்புறமா?"

"அப்புறம்."

"முன்னாடியே பட்டியல்லேர்ந்து எடுத்திருந்தா அது விதி. வந்ததுக்கு அப்புறம் எடுத்தா அது நம்ம இஷ்டம். குலுக்கறதே நம்ம இஷ்டத்தை ஒதுக்கி வைக்கத்தானே."

அவர் மேலும் ஒரு பக்கம் திருப்பினார்.

"இன்னொண்ணு. காரணங்கள்ல 'வேறு'ன்னு ஒரு கட்டம் வச்சிருக்கீங்க. போன்ல ஒருத்தர்கூட அதுல விழல. நான் இத்தனை வருஷத்துல 'வேறு' காலியா இருந்து பார்த்ததில்ல. எந்த போன்லேர்ந்து பேசினீங்க?"

"கிளினிக் போன் சார்."

"யாருன்னு சொன்னீங்க?"

"டோக்கன் கொடுக்கறவங்க பேசறேன்னு."

"அப்ப கிளினிக் மேலயோ உங்க மேலயோ குறை இருந்தா உங்ககிட்டயே சொல்லியிருப்பாங்களா?"

இதற்கு மட்டும் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மற்றதெல்லாம் அவள் தப்பு, ஒப்புக்கொண்டாள். இது அப்படியில்லை. இத்தனை வருடமாக அந்த மேசையில் யார் யார் வாயில் எல்லாமோ விழுந்து எழுந்தவள் அவள்.

"சொல்லியிருப்பாங்க சார். என்கிட்ட யாருக்கும் பயம் கிடையாது. முகத்துக்கு நேராவே திட்டுவாங்க. போன்ல எல்லாரும் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க."

"நேர்ல திட்டறவங்க போன்ல மரியாதையா பேசினாங்க" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதற்கு மேல் வாதாடவில்லை. மதிப்பெண் தாளை எடுத்தார், எழுதவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டுவாங்க. குலுக்கி எடுத்த நூறு பேருக்கும் என்ன ஆச்சுன்னு கணக்கு. ரெண்டு கூட்டத்துக்கும் தனித்தனி அட்டவணை. முடிவுரைய மாத்துங்க. இந்த ஆய்வு எங்கெல்லாம் பலவீனம்னு ஒரு பத்தி. அந்த நூறாவது ஆளையும் கேட்டுட்டு வாங்க, அவர் உங்க வீட்டுக்காரர்னு பக்கத்துலயே எழுதிடுங்க. கொண்டு வந்தா கையெழுத்துப் போடறேன். வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்ததும் கைடு பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று இவள் நினைத்தாள். கைடு வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நூறுன்னு எனக்கும் யாரோ சொன்னாங்க. நானும் கேட்டதே இல்ல" என்றாள்.

அங்கிருந்து நேரே கிளினிக்குக்குப் போனாள். பாதி நாள் லீவுதான் கிடைத்திருந்தது. மீதி நாளும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் ஈரத் துணிகளை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைகளுக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், ஸ்டியரிங்கோடு பேசியே வார்த்தை தீர்ந்துவிட்டது என்று அவள் கிண்டல் செய்வாள்.

"என்ன ஆச்சு?"

"பாஸ் இல்ல, ஃபெயிலும் இல்ல. நாளைக்குத்தான் தெரியும்." செருப்பைக் கழற்றி, பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "உட்காருங்க. உங்ககிட்ட கேட்டாத்தான் எனக்குப் பாஸ்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் உட்கார்ந்தார். அவள் போனில் முப்பத்தேழு பேரிடம் சொன்ன அதே வாக்கியங்களை அதே வரிசையில் படித்தாள், எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக. மறுபடி வரச் சொன்ன தேதியில் வராததற்குக் காரணம் என்ன? மறதியா, வேலையா, உடம்பு தேறியதா, வேறா?

"வேலைன்னு போட்டுக்கோ" என்றார்.

"நிஜமா சொல்லுங்க."

"என்னத்துக்கு அதெல்லாம். வேலைன்னு போடு, உனக்கு முடிஞ்சிடும்ல."

"இஷ்டத்துக்குப் போடக்கூடாதுங்க. அதுக்குத்தான் காலைல அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அவர் ஈரக் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்தேன்" என்றார்.

"எங்க?"

"அன்னிக்கு. வரச் சொன்ன தேதிக்கு. உன்கிட்ட சொல்லாம வந்து நிக்கலாம்னு. உனக்குச் சிரிப்பு வரும்னு நெனச்சேன். லைன்ல நின்னு உன் மேசை வரைக்கும் வந்துட்டேன். நீ போனைத் தோள்ல வச்சிருந்த. குனிஞ்சு எழுதிட்டிருந்த. நிமிராமலே, 'சார், எத்தனை தடவை சொல்றது, கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க'ன்ன."

அவள் படிவத்தைப் பிடித்தபடி இருந்தாள்.

"கோபமெல்லாம் இல்ல. உன் குரல் எப்படி இருந்துச்சுன்னா... வீட்ல அப்படி நீ பேசிக் கேட்டதே இல்ல. அவ்வளவு ஓஞ்சு போயிருந்த. இதுல நானும் ஒருத்தனா போய் நிக்கணுமான்னு தோணுச்சு. திரும்பிட்டேன். அப்புறம் போகவே மனசு வரல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா? எப்படிச் சொல்றது? வருத்தப்படுவ."

அவளுக்கு அவமானமாக இருந்தது. அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பிரஷரை வைத்துக்கொண்டு இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு. இரண்டையும்விடப் பெரிதாக ஒன்று அவளுக்கு உறைத்தது. கூடவே வாழ்கிற மனிதர், அவள் மனசு நோகக்கூடாது என்று, முதலில் வேலை என்றுதான் சொன்னார். உடம்பு தேறிடுச்சும்மா என்று பதினைந்து பேர் போனில் எவ்வளவு இதமாகச் சொன்னார்கள். ஒருவர் "நீங்க நல்லா இருக்கீங்களா, பாவம், எந்நேரமும் வேலை" என்று விசாரித்துவிட்டே வைத்தார். அவர்களில் எத்தனை பேர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று அப்படியே வீட்டுக்குப் போனவர்கள் என்று இனிமேல் எந்தக் குலுக்கலிலும் தெரியப்போவதில்லை.

"எழுது" என்றார் அவர். "எழுதினாத்தானே பாஸ்."

'வேறு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். பக்கத்தில், பதிலளித்தவர் ஆய்வாளரின் கணவர் என்று எழுதினாள். கீழே காரணம் எழுத வேண்டிய கோட்டில், முன்மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"யாரோ மாதிரி எழுதியிருக்க?"

"ஆய்வுல அப்படித்தான் எழுதணும்."

பிறகு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பலவீனங்கள் பற்றிய பத்தியை ஆரம்பித்தாள். காலையில் அவள் கோபப்பட்டு மறுத்த விஷயத்தைத்தான் முதலில் எழுத வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவர் அதே கிளினிக்கில் வேலை செய்பவர், எனவே உண்மையான காரணத்தை அவரிடம் பலர் சொல்லாமல் விட்டிருக்கலாம். 'கேள்வி கேட்டவர்' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'நான்' என்று போட்டாள். ஆய்வில் அப்படி எழுதக்கூடாது, எக்ஸ்டர்னல் அதைச் சிவப்பில் சுழித்தால் சுழிக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.